சட்டத்துக்குத் தெரியாத அண்ணன்

தமிழில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், கூடப்பிறந்தவனும் அண்ணன்தான். சித்தி மகளைத் தங்கை என்று அழைப்பதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. வருமான வரிச் சட்டமோ இந்த இரண்டு அண்ணன்களையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. குன்னூரில் வரிக்கணக்கு பார்த்துவரும் இத்தனை ஆண்டுகளில், உறவினர் கொடுத்த பணத்தால் சிக்கலுக்கு உள்ளானவர்களில் பலர் இந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தின் கணக்கை, ஆள் அடையாளம் தெரியாதபடி ஊரையும் தொகைகளையும் சற்று மாற்றி, இங்கே விரித்துச் சொல்கிறேன்.

கோத்தகிரியில் தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் ஓர் இளைஞர் 2022 நவம்பரில் 38 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினார். வங்கிக் கடன் 18 லட்சம், சொந்தச் சேமிப்பு 4 லட்சம். மீதி 16 லட்சத்தை இரண்டு உறவினர்கள் கொடுத்தார்கள். கேத்தியில் கேரட்டும் தேயிலையும் போட்டிருக்கும் தாய்மாமா 10 லட்சம் கொடுத்தார். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் பெரியப்பா மகன் 6 லட்சம் கொடுத்தார். இருவருமே திருப்பிக் கேட்கும் எண்ணத்தில் கொடுக்கவில்லை.

30 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்துப் பதிவு எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். ஆண்டுக்கு 7 லட்சம் சம்பளம் வாங்குபவர் 38 லட்சத்துக்கு வீடு வாங்கியது இப்படித்தான் துறையின் கண்ணில் பட்டது. 2024 ஜூன் மாதம் அவருடைய இணையக் கணக்கில் ஆய்வு நோட்டீஸ் வந்து விழுந்தது. கடன் போக மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கேள்வி.

அவர் என்னிடம் வந்தபோது மாமாவின் பணத்தை எண்ணித்தான் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பணத்துக்குக் கடிதம் கிடையாது. பணம் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் வந்ததற்கு மூன்று நாள் முன்புதான் மாமாவின் கணக்கில் 7 லட்சம் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அண்ணன் கொடுத்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. சம்பளக் கணக்கிலிருந்து நேராக வந்த பணம், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்திட்ட நன்கொடைக் கடிதம், அண்ணனின் மூன்று ஆண்டு வரிக்கணக்கு நகல் என எல்லாம் கண்ணாடி உறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

கடைசியில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாமாவின் 10 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி வரவில்லை. அண்ணனின் 6 லட்சம் முழுவதுக்கும் வரி விழுந்தது.

காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சட்டம் நன்கொடையை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சற்றுப் பின்னே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நன்கொடை கொடுப்பவர்தான் வரி கட்டினார். 1958இல் வந்த நன்கொடை வரிச் சட்டம் 1998 அக்டோபர் முதல் செயலிழந்தது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2004இல், வரி வாங்குபவர் பக்கம் திரும்பியது. இன்றும் கொடுப்பவருக்கு வரி இல்லை. வாங்குபவருக்கு ஒரு நிதியாண்டில் இப்படி இலவசமாக வந்த பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் அது அவருடைய வருமானம். தாண்டிய பகுதி மட்டும் வருமானம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு, தாண்டினால் முதல் ரூபாயிலிருந்து முழுத்தொகையும் வருமானம்தான். சட்டம் குறிப்பிடும் உறவினர் கொடுத்த பணம், உயில் அல்லது வாரிசுரிமை வழி வந்த பணம், வாங்குபவரின் சொந்தத் திருமணத்தை ஒட்டி வந்த பணம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் இந்த விதி மாறவில்லை.

இனி அந்த உறவினர் பட்டியல். அதை எப்போதும் வாங்குபவரின் இடத்தில் நின்று படிக்க வேண்டும். அவருடைய கணவன் அல்லது மனைவி, கூடப்பிறந்தவர்கள், வாழ்க்கைத்துணையின் கூடப்பிறந்தவர்கள், தாய் தந்தையரின் கூடப்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலே உள்ள பெற்றோர், தாத்தா, பாட்டி, கீழே உள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், துணையின் நேர்வழியினர், இவர்கள் எல்லோருடைய துணைவர்கள். அவ்வளவுதான்.

இதை நம் முறைப்பெயர்களில் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மாமா என்ற ஒரே சொல்லை நாம் தாயின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார் ஆகிய மூவருக்கும் சொல்கிறோம். மூவருமே பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள். மச்சான், கொழுந்தியாள், சகலை வரைக்கும் வருகிறார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, சித்தி எல்லோரும் உண்டு. ஆனால் இவர்களுடைய பிள்ளைகள் இல்லை. அத்தை மகன், மாமன் மகள், பெரியப்பா மகன் என எவரும் சட்டத்துக்கு உறவில்லை. தாத்தாவின் தம்பி இல்லை. ஆண்டுதோறும் சீர் செய்து உறவாடும் சம்பந்தியும் இல்லை. பட்டியல் வீட்டுக்கு வெளியே ஓரிரு படி மட்டுமே இறங்குகிறது. நம் மலை ஊர்களில் ஒரே ஹட்டியில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி என்று வாழ்வார்கள். அவர்களில் கூடப்பிறந்தவர் இருவர்கூட இருக்க மாட்டார்கள்.

ஆசிரியரின் கணக்கில் இது என்ன செய்தது என்று பாருங்கள். அவருடைய சம்பளம் 7 லட்சம். நிலையான கழிவு 50,000, சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம் போக 5 லட்சம் வரிக்குரிய வருமானம். பழைய முறைப்படி அந்த ஆண்டு 5 லட்சம் வரை முழுத் தள்ளுபடி இருந்ததால் அவர் கட்டிய வரி பூஜ்யம். அண்ணனின் 6 லட்சம் சேர்ந்ததும் வருமானம் 11 லட்சம் ஆனது. தள்ளுபடி போய்விட்டது. வரி 1,42,500, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 1,48,200 ரூபாய். நன்கொடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இதற்கு மேல் மாதம் ஒரு சதவீதக் கணக்கில் வட்டி வேறு. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான அபராதம் வரியில் பாதி அளவு வரக்கூடும். வரியையும் வட்டியையும் உரிய நாளுக்குள் கட்டி, மேல்முறையீட்டுக்குப் போகாமல் மனுக் கொடுத்ததால் அபராதத்திலிருந்து தப்பினார்.

அண்ணன் கொடுத்த கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் வேதனை. அது நன்கொடை என்பதை அந்தக் கடிதம் ஐயமின்றி நிறுவியது. யார் கொடுத்த நன்கொடை என்பதையும் நிறுவியது. அதில் “என் அன்புத் தம்பிக்கு” என்றிருந்தது. அதிகாரி இருவரின் தந்தை பெயரையும் பார்த்தார், பெயர்கள் வெவ்வேறு.

இதைக் கேட்டதும் பலரும் சொல்லும் யோசனை, அண்ணன் பணத்தைப் பெரியப்பாவுக்குக் கொடுத்து, பெரியப்பா தம்பி மகனுக்குக் கொடுத்திருக்கலாமே என்பது. மகன் தந்தைக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. பெரியப்பா கொடுத்தாலும் வரி இல்லை. தாளில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் பெரியப்பாவின் கணக்கில் ஏறிய 6 லட்சம் மாலையில் அப்படியே வெளியேறினால், கொடுத்தது உண்மையில் யார் என்று எந்த அதிகாரியும் கேட்பார். அந்தப் பெரியப்பாவிடம் ஏற்கெனவே சொந்தப் பணம் இருந்து, அவரே மனமுவந்து கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அண்ணன் கொடுத்ததைக் கைமாற்றாக வைத்துக்கொண்டிருக்கலாம் என்பதும் அப்படித்தான். உண்மையிலேயே கடனாகக் கொடுத்து, வங்கி வழியாகத் தவணை திரும்பிப் போய்க்கொண்டிருந்தால் அது வருமானம் ஆகாது. நன்கொடையாகக் கொடுத்ததைப் பிற்பாடு கடன் என்று எழுதினால் அது பொய். நான் அதற்குத் துணைபோவதில்லை.

இப்போது மாமாவின் 10 லட்சத்துக்கு வருவோம். உறவு பட்டியலுக்குள் இருந்தது. அதனால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. இதுபோன்ற பணத்தில் துறை மூன்று கேள்விகளைக் கேட்கும்: கொடுத்தவர் யார், கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா, கொடுத்தது உண்மையா. விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு வாங்கியவருடையது. வசதியை நிறுவ முடியாவிட்டால் அது மாமாவின் பணமே அல்ல, மருமகனின் கணக்கில் வராத பணம் மாமாவின் கணக்கில் சுற்றி வந்திருக்கிறது என்று முடிவு கட்டலாம். அப்படிப்பட்ட பணத்துக்கு அந்த ஆண்டு வரி விகிதம் மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். 7 லட்சத்துக்கு 5,46,000 ரூபாய்.

நல்ல வேளையாக, வீடு வாங்கும்போது ஆசிரியர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தார். மாமா முதலில் பணத்தைப் பையில் போட்டு ரொக்கமாகவே கொண்டுவந்திருக்கிறார். இவர் வாங்க மறுத்து, வங்கியில் கட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே காரியத்துக்காகவோ 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது, கொடுப்பவர் பெற்ற தந்தையே ஆனாலும், தடை செய்யப்பட்டது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம், அதுவும் வாங்கியவருக்கு. ஆசிரியர் அந்தக் குழியைத் தாண்டிவிட்டார். ஆனால் வங்கிப் பதிவு என்பது பணம் கடந்த கடைசி அடியை மட்டும் காட்டும். அதற்கு முந்தைய அடி, அந்த 7 லட்சம் ரொக்கம், திறந்தே கிடந்தது.

நாங்கள் முதலில் உறவை நிறுவினோம். ஆய்வு இப்போது முகம் காணா முறையில் நடக்கிறது. கோப்பைப் படிப்பவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தாய்மாமன் என்றால் என்னவென்றும் தெரியாமல் இருக்கலாம், சிட்டா என்றால் என்னவென்றும் தெரியாமல் இருக்கலாம். எனவே தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்தோம். ஆசிரியரின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருந்தது. அந்தத் தாயும் மாமாவும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு, இறந்துபோன தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் கைகொடுத்தது. பிள்ளைகளின் பெயர் வரிசையில் இருவரும் அடுத்தடுத்து இருந்தார்கள். இரண்டே தாள்களில் உறவு முடிந்துவிட்டது.

வசதியை நிறுவத்தான் ஒரு மாதம் ஆனது. 10 லட்சத்தில் 3 லட்சம் பச்சைத் தேயிலைப் பணம். தொழிற்சாலை மாதாமாதம் வங்கியில் போட்டுவந்ததால் கணக்குப் புத்தகமே சாட்சி. கொழுந்தைப் பறித்து அப்படியே விற்கும் சிறு விவசாயியின் வருமானம் முழுக்க விவசாய வருமானம், அதற்கு வருமான வரி கிடையாது. மாமா வரிக்கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. அதுவே குற்றமாகாது, ஆனால் தாக்கல் செய்திராதவர் தன் வருமானத்தை வேறு வழியில் காட்டியாக வேண்டும்.

மீதி 7 லட்சம் கேரட். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒன்பது மாதத்தில் 21 லோடு போயிருந்தது. லோடுக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம், சில நேரம் எழுபதாயிரம் என்று ரொக்கமாக வந்திருக்கிறது. மண்டிச் சீட்டுகளை மாமா சமையலறைப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதில் பன்னிரண்டுதான் இருந்தன. இரண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எழுத்தே தெரியவில்லை. மழைக்காலத்தில் கேத்தியில் துணியே காய்வதில்லை, தாள் எம்மாத்திரம். மண்டிக்காரர் தம் பேரேட்டைப் பார்த்து மொத்தக் கணக்கையும் நகலெடுத்துக் கையெழுத்திட்டுத் தந்தார். அவர் தரவில்லை என்றால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும்.

விற்பனை மொத்தம் 11,40,000. அதை அப்படியே வசதி என்று காட்டிவிடக் கூடாது. விதை, உரம், ஆள் கூலி, கேரட் கழுவும் கூலி, லாரி வாடகை என்று செலவுகளைக் கழித்தோம். 5,50,000 போயிற்று. கையில் நின்றது 5,90,000. 7 லட்சத்துக்கு இன்னும் 1,10,000 குறைந்தது. மாமா யோசித்து யோசித்து, அந்த மார்ச் மாதம் வீட்டுக் கூரை மாற்ற வங்கியிலிருந்து 1,20,000 எடுத்தோம், பிறகு கூரை வேலையைத் தள்ளிப்போட்டோம் என்றார். வங்கிப் பட்டியலில் அது இருந்தது. அந்தப் பணம் வீட்டிலேயே இருந்தது என்பதை அதிகாரி நம்ப மறுத்திருக்கலாம். எடுத்ததற்கும் கட்டியதற்கும் இடையே ஏழு மாதம், நீண்ட இடைவெளிதான். தேயிலைப் பணத்தில் குடும்பச் செலவு நடந்ததை மாதவாரியாகக் காட்டியிருந்ததால் ஏற்றுக்கொண்டார்.

சிட்டாவும் அடங்கலும் இவற்றோடு சேர்ந்தன. நிலமே இல்லாதவர் கேரட் விற்றதாகச் சொல்லிப் பயனில்லை. இருக்கும் நிலத்தின் அளவுக்குப் பொருந்தாத விளைச்சலைச் சொன்னாலும் உடனே பிடிபட்டுவிடும்.

கடிதம் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. அதைப் பழைய தேதியிட்டு எழுதிவிடலாம் என்று குடும்பத்தில் ஒருவர் சொன்னார். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்பனைத் தேதி இருக்கும், விற்றவரிடம் பதிவேடும் இருக்கும். 2024இல் வாங்கிய தாளில் 2022 என்று எழுதினால் உண்மையான நன்கொடையும் பொய்யாகிவிடும். எனவே எழுதும் நாளின் தேதியையே போட்டு, வெள்ளைத்தாளில் உறுதிக்கடிதமாக எழுதினோம். பணத்தை நன்கொடையாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரம் கட்டாயம் இல்லை. கொடுத்து, பெற்றுக்கொண்டாலே போதும். தாள் அதற்குச் சாட்சி மட்டுமே.

அந்தக் கடிதத்தின் நடுப்பகுதி இது: “என் உடன்பிறந்த அக்காவின் மகனுக்கு, அவர் வீடு வாங்குவதற்காக, 2022 அக்டோபர் மாதம் என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். மூலம் 10,00,000 ரூபாயை அன்பளிப்பாகக் கொடுத்தேன். இத்தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இது என் தேயிலை, கேரட் விவசாயத்தில் கிடைத்த பணம்.” கீழே இருவரின் நிரந்தரக் கணக்கு எண்ணும் வங்கிப் பரிமாற்ற எண்ணும். மருமகன் என்று எழுதாமல் அக்காவின் மகன் என்று எழுதியதைக் கவனியுங்கள். மருமகன் என்றால் மகளின் கணவரும் ஆகும், அக்கா மகனும் ஆகும். சட்டம் எந்தக் கண்ணி வழியாக உறவைப் பார்க்கிறதோ அந்தக் கண்ணியைக் கடிதம் அப்படியே சொல்ல வேண்டும்.

பணம் அனுப்பிய நாளிலேயே இதையெல்லாம் செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் `GIFT TO SISTERS SON` என்று தட்டியிருந்தால் வங்கிப் பட்டியலே பாதி பேசியிருக்கும். அதே வாரத்தில் கடிதம் எழுதி, கொடுப்பவரின் ஓராண்டு வங்கிப் பட்டியலையும் இறக்கிச் சேர்த்து வைத்துவிட வேண்டும். வாங்குபவரின் பட்டியல் மட்டும் போதாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கேள்வி எழுவது கொடுப்பவரின் பக்கத்தில்தான். வங்கிகள் இணைகின்றன, கணக்கு எண் மாறுகிறது, வயதானவர் இறந்தபின் கணக்கு மூடப்படுகிறது. அதன்பின் பழைய பட்டியலை வாங்குவது பெரும்பாடு. வீடு கையில் இருக்கும்வரை அந்தத் தாள்களும் பத்திரத்தோடு இருக்கட்டும்.

இன்னொரு கேள்வியும் ஆய்வில் வந்தது. வீடு வாங்கிய பிறகு ஆசிரியர் மாதம் 5,000 ரூபாய் மாமாவின் கணக்குக்கு அனுப்பியிருந்தார். திருப்பிச் செலுத்தும் தவணைபோல் தெரிகிறதே, இது கடன்தானா என்று கேட்டார்கள். அது பாட்டியின் மருந்துச் செலவு. பாட்டி மாமா வீட்டில் இருக்கிறார். மருந்துக்கடை ரசீதுகள் இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. நன்கொடை கொடுத்தவருக்கே பணம் திரும்பிப் போனால், எதற்காக என்ற குறிப்பு ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும்.

மனைவிக்கோ மகனின் மனைவிக்கோ கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். கொடுத்த தொகைக்கு வரி இல்லை என்றாலும், அதை வைப்புநிதியில் போட்டால் வரும் வட்டி கொடுத்தவரின் வருமானத்தில்தான் சேரும். வளர்ந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் இது இல்லை.

மொய்ப் பணத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கல்யாண மொய்க்கு, கொடுப்பவர் யாராக இருந்தாலும், மணமக்களுக்கு விலக்கு உண்டு. மொய் நோட்டைப் பத்திரப்படுத்தினால் போதும். புதுமனை புகுவிழா, காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா மொய்க்கு அந்த விலக்கு இல்லை. அந்தப் பெரியப்பா மகன் அதே 6 லட்சத்தை ஆசிரியரின் திருமணத்தை ஒட்டிக் கொடுத்திருந்தால் வரியே வந்திருக்காது.

ஆய்வு முடிந்து ஆணை வந்த சில மாதங்களில் மாமாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஆசிரியர் நன்றியோடு 3 லட்சம் அனுப்பப் புறப்பட்டு, இந்த முறை முன்கூட்டியே என்னிடம் கேட்டார். நான் பட்டியலை மாமாவின் இடத்தில் நின்று படித்துக் காட்டினேன். தாயின் சகோதரர் அதில் இருக்கிறார். சகோதரியின் மகன் இல்லை. மாமா கொடுத்தால் மருமகனுக்கு வரி இல்லை. மருமகன் கொடுத்தால் அந்த 3 லட்சமும் மாமாவின் வருமானம். ஒரே இருவர், திசை மட்டும் வேறு. ஆசிரியர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அம்மா அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். விவரம் கேட்டதும், தம்பிக்கு நான் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது என்று சொல்லித் தம் வைப்புநிதியை முடித்து, அந்த 3 லட்சத்தைத் தாமே அனுப்பினார். கடிதத்தையும் அன்றைக்கே எழுதினார். “என் உடன்பிறந்த தம்பிக்கு” என்று தொடங்கி, தம் தந்தையின் பெயரைத் தாமாகவே அடுத்த வரியில் சேர்த்திருந்தார்.